ஒன்றுக்கு மூன்று, இரவில் ஒன்றுக்குப் பதினைந்தாகும் கணக்கு

இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த விதிமுறையில், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பொது வார்டுக்கு ஒரு விகிதம் இருக்கிறது: ஸ்டாஃப் நர்ஸ் 1:3. அதையொட்டி ஒரு அடைப்புக்குறி. அதற்குள் ‘அல்லது ஒவ்வொரு ஷிஃப்டிலும் 1:9’. விகிதத்தை மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் முதல் எண்ணோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று கேட்கும் யாருக்கும், மூன்று கட்டிலுக்கு நடுவே ஒருவர் நின்று கவனித்துக்கொள்வார் என்றுதான் தோன்றும். விதிமுறை சொல்வது அதை அல்ல. காலை, மாலை, இரவு என்று மூன்று டூட்டிக்கும் சேர்த்து மூன்று நோயாளிக்கு ஒருவர். எந்த ஒரு நேரத்திலும் கட்டிலருகே இருக்க வேண்டியவர் ஒன்பது பேருக்கு ஒருவர்.

இந்த இரண்டு எண்களில் எதை வைத்து வகுக்கிறோம் என்பதில்தான் ஒரு வார்டின் இரவு நன்றாகப் போகுமா, தடுமாறுமா என்பது தொடங்குகிறது. கணக்குக்காக ஒரு வார்டை எடுத்துக்கொள்வோம். ஆண்கள் பொது மருத்துவப் பிரிவு, 40 கட்டில், 46 நோயாளிகள். கூடுதலான ஆறு பேர் தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள். அரசு மருத்துவமனைக்குப் போய்வந்த எவருக்கும் இது பழகிய காட்சிதான்.

அலுவலகத்தில் உட்கார்ந்து 46ஐ 3ஆல் வகுத்தால் 15.3 வரும். பதினாறு நர்ஸ்களை அந்த வார்டுக்குப் பெயரெழுதிவிட்டால் 1:3 நிறைவேறிவிட்டது என்று கோப்பில் குறித்துவிடலாம். இனி அந்தப் பதினாறு பேரை டூட்டி லிஸ்டில் போட்டுப் பார்ப்போம். மூன்று ஷிஃப்டில் வேலை செய்யும் நர்ஸுக்கு மாதம் எட்டு நாள் ஆஃப், ஆண்டுக்கு மூன்று தேசிய விடுமுறை என்பது மத்திய அரசின் பழைய கணக்கு. எட்டைப் பன்னிரண்டால் பெருக்கி மூன்றைக் கூட்டினால் 99 நாள். ஆக ஒருவர் ஆண்டில் வேலைக்கு வரக்கூடிய நாள் 266. பதினாறு பேரில் சராசரியாக ஒரு நாளில் வருகிறவர்கள் பதினொன்று அல்லது பன்னிரண்டு பேர். ஒருவருக்குக் காய்ச்சல், இன்னொருவர் ஊரில் கல்யாணம் என்றால் பதினொன்றுதான் நிற்கும்.

பதினொரு பேரை மூன்று ஷிஃப்டுக்கும் பிரிக்க வேண்டும். காலையில் டாக்டர்கள் ரவுண்ட்ஸ், ரத்தப் பரிசோதனை, ஸ்கேனுக்கு அனுப்புவது, டிஸ்சார்ஜ் என்று வேலை குவிவதால் அங்கே ஐந்து பேரைப் போடுவார்கள். மாலைக்கு மூன்று, இரவுக்கு மூன்று. இரவில் மூன்று பேருக்கு 46 நோயாளிகள். இருவருக்குப் பதினைந்து, ஒருவருக்குப் பதினாறு. கோப்பில் ஒன்றுக்கு மூன்று என்று இருப்பது, இரவு பத்து மணிக்கு வார்டில் ஒன்றுக்குப் பதினைந்து. இதில் யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் வேலைக்கு வராமல் ஏமாற்றவும் இல்லை. வகுத்தது தவறான எண்ணால், அவ்வளவுதான்.

சரியான வழி, ஷிஃப்டிலிருந்து தொடங்குவது. இந்த நேரத்தில் வார்டில் எத்தனை நோயாளி, ஒருவர் அதிகபட்சம் எத்தனை பேரைப் பார்க்கலாம் என்ற இரண்டு எண்களும் தெரிந்தால் போதும். 46ஐ 9ஆல் வகுத்தால் 5.1. ஐந்து நர்ஸ் 45 பேரைத்தான் பார்க்க முடியும். நாற்பத்தாறாவது நோயாளி வந்த உடனே ஆறாவது நர்ஸ் வேண்டும்.

பலர் இந்த இடத்தில் நெளிவார்கள். ஒரே ஒரு நோயாளிக்காக ஒரு நர்ஸா, மீதி இருக்கிற ஐந்து பேரும் பகிர்ந்துகொள்ள மாட்டார்களா என்று கேட்பார்கள். கணினியில் கணக்குப் போடுகிறவர்கள் தங்களுக்கே தெரியாமல் இந்த வாதத்தின் பக்கம் சாய்ந்துவிடுவதும் உண்டு. எக்செல்லில் இரண்டு வாய்ப்பாடுகள் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும்:

```
=ROUND(46/9,0)
=ROUNDUP(46/9,0)
```

முதலாவது 5 என்று காட்டும், இரண்டாவது 6 என்று காட்டும். முதலாவது அருகிலுள்ள முழு எண்ணுக்குப் போகிறது. பாதிக்குக் கீழே உள்ள மீதியை விட்டுவிடுகிறது. ஒரு டூட்டிக்கு ஒரு நர்ஸ் என்றால், மூன்று டூட்டிக்கும் ஆண்டு முழுக்க 1,095 டூட்டிகள் அந்த ஒரு சொல்லில் காணாமல் போகும்.

இந்த மீதியை என்ன செய்வது என்பது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் சட்டமன்றம் வரை போன விஷயம். அங்கே 2015இல் நர்ஸ்–நோயாளி விகிதத்தைத் தனிச் சட்டமாகவே கொண்டுவந்தார்கள். ஆனால் மீதி பாதிக்குக் குறைவாக இருந்தால் விட்டுவிடலாம் என்ற வழக்கம் அதற்குள்ளும் தங்கிவிட்டது. நர்ஸ்கள் சங்கம் தொடர்ந்து எதிர்த்த பிறகு, 2019இல் வந்த திருத்தம் மேல்நோக்கி முழுமையாக்கும் முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்தது. பின்னத்தை எந்தப் பக்கம் தள்ளுவது என்ற ஒரு பள்ளிக்கூடக் கேள்விக்கு அவ்வளவு ஆண்டுகள் பிடித்தன.

கலிஃபோர்னியாவில் இந்தச் சிக்கலுக்கு வேறு வகையில் முற்றுப்புள்ளி வைத்தார்கள். விகிதத்துக்கான சட்டம் அங்கே 1999இல் நிறைவேறியது. 2004 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பொது மருத்துவ, அறுவை வார்டுகளில் முதலில் ஒருவருக்கு ஆறு நோயாளி, பிறகு ஐந்து. தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு. விதியின் உயிர்நாடி, அது சராசரியை ஏற்கவில்லை என்பது. வார்டில் உள்ள மொத்த நோயாளிகளை மொத்த நர்ஸ்களால் வகுத்துக் காட்டித் தப்ப முடியாது. ஒரு வாரத்துக்கோ ஒரு மாதத்துக்கோ சராசரி போட்டும் காட்ட முடியாது. எந்தத் தனி நர்ஸிடமும் எந்த நேரத்திலும் அந்த எண்ணுக்கு மேல் நோயாளி இருக்கக் கூடாது, அது உச்சவரம்பு.

எந்த நேரத்திலும் என்றால் சாப்பாட்டு நேரத்திலுமா? மருத்துவமனைகளின் கூட்டமைப்பு இந்தக் கேள்வியோடு நீதிமன்றம் போனது. ஒரு நர்ஸ் அரை மணி நேரம் சாப்பிடப் போனால் அவருடைய ஐந்து நோயாளிகளையும் பக்கத்தில் இருக்கிறவர் பார்த்துக்கொள்வதுதானே காலங்காலமாக நடக்கிறது என்பது அவர்கள் வாதம். அப்படிப் பார்த்துக்கொள்ளும் அரை மணி நேரத்தில் அவரிடம் பத்து நோயாளிகள் இருப்பார்கள் என்பது நர்ஸ்கள் தரப்பு. 2004இல் நீதிமன்றம் விதியில் எழுதியிருந்தபடியே தீர்ப்பளித்தது: எல்லா நேரத்திலும் என்றால் இடைவேளையும் அதில் அடக்கம். வார்டைவிட்டு வெளியே போகும் நர்ஸின் இடத்தை, வேறு நோயாளிகளைக் கையில் வைத்திராத ஒருவர் நிரப்ப வேண்டும்.

நமது 46 பேர் வார்டுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் அதன் கனம் தெரியும். ஆறு நர்ஸும் முறை வைத்து அரை மணி நேரம் சாப்பிடப் போனால், மொத்தம் மூன்று மணி நேரம் வார்டில் ஐந்து பேர்தான். இன்சார்ஜ் சிஸ்டரையும் ஆறு பேரில் ஒருவராகச் சேர்த்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். மருந்து இருப்பைச் சரிபார்ப்பது, சலவைக்குப் போன துணியை எண்ணி வாங்குவது, ரவுண்ட்ஸில் டாக்டரோடு போவது, டூட்டி லிஸ்ட் எழுதுவது என்று அவர் நாள் போய்விடும். கலிஃபோர்னிய விதி மேற்பார்வையில் இருப்பவரை, நேரடியாக நோயாளியைக் கவனிக்கும் நேரத்தில் மட்டுமே எண்ணிக்கையில் சேர்க்கிறது. பயிற்சிக்கு வரும் நர்சிங் மாணவிகளையும் எண்ணக் கூடாது என்பதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. அவர்கள் வார்டுக்கு வருவது கற்றுக்கொள்ள. தேர்வு நேரம் வந்தால் ஒரே நாளில் காணாமல் போகும் கைகளை நம்பி விகிதம் போட முடியாது.

இதுவரை 46 என்ற எண்ணை அசையாததாக வைத்துக்கொண்டோம். வார்டில் அது அசைந்துகொண்டே இருக்கும்.

மருத்துவமனைகளில் நோயாளி எண்ணிக்கையை இரவு பன்னிரண்டு மணிக்கு எடுப்பது வழக்கம். பதிவேட்டுக்கும் சாப்பாட்டுக் கணக்குக்கும் அது போதும். டூட்டி போடுவதற்கு அது போதாது. மருத்துவப் பிரிவுகளில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் வாரத்தில் ஒரு அட்மிஷன் டே உண்டு. அன்று அவசரப் பிரிவிலிருந்து வருகிறவர்கள் அந்த யூனிட்டின் வார்டுக்கே வந்து சேர்வார்கள். முந்தைய நள்ளிரவில் 46 என்று எழுதியிருக்கிறது. காலையில் ஐந்து பேர் வீட்டுக்குப் போகிறார்கள். மதியத்துக்கு மேல் ஒவ்வொருவராகப் பதினான்கு பேர் வருகிறார்கள். இரவு எட்டு மணிக்கு, நைட் டூட்டிக்காரர்கள் ஓவர் எடுக்கும்போது வார்டில் 55 பேர். 55ஐ 9ஆல் வகுத்தால் 6.1, ஏழு நர்ஸ் வேண்டும். டூட்டி லிஸ்டோ நேற்றைய 46ஐ வைத்து ஆறு பேருக்கு எழுதப்பட்டது. கட்டில் எண்ணிக்கையை வைத்து எழுதியிருந்தால் 40ஐ 9ஆல் வகுத்து ஐந்து பேரோடு நின்றிருக்கும்.

புதிதாக வருகிறவருக்குச் செய்ய வேண்டியது மற்றவர்களுக்குச் செய்வதைவிட அதிகம். கேஸ் ஷீட் தொடங்க வேண்டும், ஊசி குத்தி லைன் போட வேண்டும், ரத்தம் எடுக்க வேண்டும், முதல் டோஸ் மருந்து கொடுக்க வேண்டும், கூட வந்திருக்கும் பதறிய குடும்பத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போகிறவருக்கும் மருந்துச் சீட்டை விளக்கிச் சொல்லி அனுப்ப வேண்டும். அன்றைய நாளில் நர்ஸ்களின் கை பட்டவர்கள் 46 பேரோ 55 பேரோ அல்ல, 60 பேர். ஆகவே எண்ணிக்கையை ஒவ்வொரு ஷிஃப்டும் தொடங்குவதற்கு முன்னால் எடுக்க வேண்டும். அட்மிஷன் டே எந்த நாள் என்று முன்கூட்டியே தெரியுமாதலால் அன்றைய மாலைக்கும் இரவுக்கும் ஒருவரைக் கூடுதலாக எழுதிவைக்க வேண்டும்.

ஒருவர் கூடினால், குறைந்தால் அப்படி என்ன ஆகிவிடும்? இதற்கு அளந்து பதில் தேடியவர்களில் முக்கியமானவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் லிண்டா எய்கன். அவரும் சக ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வு அந்த மாநிலத்தின் 168 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 2,32,342 பேரின் பதிவுகளை எடுத்துக்கொண்டது. ஒரு நர்ஸின் பொறுப்பில் சராசரியாக ஒரு நோயாளி கூடும் ஒவ்வொரு படிக்கும், முப்பது நாளுக்குள் இறப்பதற்கான வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. நால்வருக்கு ஒருவர் என்ற இடத்தையும் எட்டுப் பேருக்கு ஒருவர் என்ற இடத்தையும் ஒப்பிட்டால் வித்தியாசம் 31 சதவீதம். ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் அதே வகையில் செய்த ஆய்வு 2014இல் வந்தது. அங்கேயும் ஒரு கூடுதல் நோயாளிக்கு 7 சதவீதம் என்றே வந்தது. அந்த மருத்துவமனைகளில் நடந்த வாதம் நாலா எட்டா என்பதைப் பற்றியது. பதினைந்து என்ற இடத்துக்கு அந்தச் சதவீதத்தை அப்படியே நீட்டிக் கணக்கிட முடியாது. அவர்கள் அளந்த எல்லைக்கு அது வெகுதூரம் வெளியே இருக்கிறது.

பதினைந்து பேரை வைத்திருக்கும் நர்ஸின் இரவை நேரமாக எண்ணிப் பார்க்கலாம். பல இடங்களில் நைட் டூட்டி இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை. ரத்த அழுத்தம், நாடி, காய்ச்சல், மூச்சு நான்கையும் பார்த்து எழுத ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு ஒன்றேகால் மணி நேரம். பத்து, இரண்டு, ஆறு என்று மூன்று சுற்றுக்கு மூன்றே முக்கால் மணி. அதற்கு மேல் ஊசி மருந்துகள், ட்ரிப்ஸ் மாற்றுவது, படுக்கையோடு இருப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, புது அட்மிஷன். இதற்கு நடுவே ஒருவருக்கு மூச்சுத் திணறல் வந்தால் மற்ற பதினான்கு பேரின் வேலை அந்த நிமிடமே நின்றுவிடும்.

வேலை விட்டுப்போவது முதலில் இறப்பாகத் தெரியாது. கேஸ் ஷீட்டில் தெரியும். இரண்டு மணிச் சுற்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில், ஒரே வகை எண்களோடு எழுதப்பட்டிருந்தால் அது காலையில் உட்கார்ந்து எழுதியதாக இருக்கக்கூடும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை போக வேண்டிய ஆன்டிபயாட்டிக் எட்டு மணி, நான்கு மணி இடைவெளிகளில் போயிருக்கும். ட்ரிப்ஸ் தீர்ந்து குழாயில் ரத்தம் ஏறியிருப்பதை உறவினர்கள் ஓடிவந்து சொல்வார்கள். சில வாரங்களில் முதுகுப் புண்கள் கூடியிருக்கும். ஒரு நர்சிங் சூப்பிரண்டெண்ட் இந்தத் தடயங்களைப் பார்த்தால், கவனக்குறைவு என்று விளக்கம் கேட்பதற்கு முன்னால் அந்த இரவு எத்தனை பேருக்கு எத்தனை பேர் இருந்தார்கள் என்று பார்ப்பதே நியாயம். அது அந்த நர்ஸுக்கு மட்டுமல்ல, கட்டிலில் இருப்பவருக்கும் நியாயம்.

சரி, ஷிஃப்டுக்கு ஆறு பேர் என்று முடிவானால் வார்டுக்கு எத்தனை பேரை வேலைக்கு எடுக்க வேண்டும்? மூன்று ஷிஃப்டுக்குப் பதினெட்டு. ஆண்டுக்கு 18ஐ 365ஆல் பெருக்கினால் 6,570 டூட்டிகள். ஒருவர் 266 நாள் வருவார் என்றால் ஆஃபை மட்டும் ஈடுகட்டவே 25 பேர் தேவை. ஈட்டிய விடுப்பு, மருத்துவ விடுப்பு, மகப்பேறு விடுப்பு எல்லாம் அதற்கு மேல்.

மத்திய நிதி அமைச்சகத்தின் பணியாளர் ஆய்வுப் பிரிவு 1990களின் தொடக்கத்தில் மருத்துவமனை நர்ஸ்களுக்குப் போட்ட விதிமுறை இதற்காக 45 சதவீதம் பணியிடங்களைக் கூட்டச் சொன்னது. நர்சிங் கவுன்சிலின் விதிமுறையில் விடுப்புக்கான கூட்டல் 30 சதவீதம். 18க்கு 30 சதவீதம் கூட்டினால் 24. மேலே பார்த்தபடி, மாதம் எட்டு நாள் ஆஃபுக்கே அது எட்டவில்லை. 45 சதவீதம் கூட்டினால் 26. அந்த 26 பேரும் ஆஃப் போக வரக்கூடிய மொத்த நாள் 6,916. தேவை 6,570. மிச்சம் 346 நாள், ஒருவருக்குப் பதின்மூன்று நாளுக்குச் சற்று மேல். இதற்குள்தான் எல்லா விடுப்பும் அடங்க வேண்டும்.

அந்த 45 சதவீதம் கணக்கிடப்பட்ட காலத்தில் மத்திய அரசு ஊழியருக்கு மகப்பேறு விடுப்பு 90 நாள். 1997இல் அது 135 ஆனது, 2008இல் 180 ஆனது. தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம். தாய்க்கும் குழந்தைக்கும் அது வேண்டியதே. ஆனால் பெரும்பாலும் பெண்கள் வேலை பார்க்கும் துறையில், விடுப்பைக் கூட்டுகிற கை பணியிடத்தையும் கூட்ட வேண்டும். நமது வார்டின் 26 பேரில் ஒருவர் ஓராண்டு மகப்பேறு விடுப்பில் போனால் 346இல் 266 நாள் அங்கேயே தீர்ந்துவிடும். மீதி 25 பேருக்கும் சேர்த்து எஞ்சுவது 80 நாள். ஆளுக்கு மூன்று நாள். இரண்டாவது ஒருவரும் கருவுற்றால் ஆறு பேர் என்ற எண் ஆண்டு முழுவதும் நிற்காது. அதற்குப் பதிலாள் ஏற்பாடு இல்லாவிட்டால் மற்றவர்களின் ஆஃப் வெட்டப்படும், அல்லது இரவு ஷிஃப்டில் ஒருவர் குறைவார்.

குறைந்தது என்று வெளியே இருப்பவர் எப்படித் தெரிந்துகொள்வது? இங்கிலாந்தில் மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர் மருத்துவமனையில் நோயாளிகள் பட்ட துன்பத்தை விசாரித்த ஃபிரான்சிஸ் அறிக்கை 2013இல் வந்தது. நர்ஸ்கள் பற்றாக்குறை அதில் பெரிய காரணமாகச் சொல்லப்பட்டது. அங்கே சட்டப்படியான விகிதம் வரவில்லை. ஆனால் 2014 முதல் ஒவ்வொரு வார்டும் அன்றைய ஷிஃப்டுக்கு எத்தனை பேர் திட்டமிடப்பட்டார்கள், எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று நோயாளிகள் கண்ணில் படும் இடத்தில் எழுதிவைக்கத் தொடங்கியது. மருத்துவமனைகள் மாதந்தோறும் அந்த எண்களை வெளியிடவும் வேண்டியிருந்தது. அப்படி ஒரு பலகை நமது வார்டின் வாசலில் இருந்தால், பதினாறு பேரோடு ஓடும் ஒரு அட்மிஷன் டே இரவில் அதில் இருக்க வேண்டிய வரிகள் இவை: நோயாளிகள் 55, தேவை 7, இருப்பவர்கள் 3.